மெமின்ஜாம், மெமின்ஜாம்கான்: வாங்குவதும் கொடுப்பதும்

மலாயில் ‘பின்ஜாம்’ என்ற ஒரே வேர்ச்சொல்லிலிருந்து இரவல் வாங்குவதும் வருகிறது, இரவல் கொடுப்பதும் வருகிறது.

‘மெ’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் மெமின்ஜாம்: வாங்குவது. ‘அலி மெமின்ஜாம் புக்கு’ என்றால் புத்தகம் அலியின் கைக்கு வருகிறது. பின்னால் ‘கான்’ சேர்ந்தால் மெமின்ஜாம்கான். அப்போது புத்தகம் அலியின் கையை விட்டுப் போகிறது. எழுத்தில் இந்த ஒரு பின்னொட்டை விட்டுவிட்டால் கொடுத்தவர் வாங்கியவராகிவிடுவார். தொடக்கத்தில் நானும் இதில்தான் தடுமாறினேன்.

முன்னொட்டு சேரும்போது வேரின் ‘ப’ மறைந்து ‘ம’ ஒலி நிற்கும். ஆகவே அகராதியில் ‘பின்ஜாம்’ என்று தேட வேண்டும். ஆனால் ‘மெமாசாக்’, அதாவது சமைப்பது, ‘மாசாக்’ என்ற வேரிலிருந்தே வருகிறது. அங்கே எதுவும் மறையவில்லை. வேரைத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

காலத்துக்கு இந்தச் சிரமமே கிடையாது. தமிழில் வாங்கினான், வாங்குகிறான், வாங்குவான் என்று வினை மாறும். மலாயில் ‘செமாலாம்’ சேர்த்தால் நேற்று, ‘ஏசோக்’ சேர்த்தால் நாளை. மெமின்ஜாம் அப்படியே இருக்கும். பேச்சில், நான் புத்தகம் இரவல் வாங்குகிறேன் என்பதை ‘சாயா பின்ஜாம் புக்கு’ என்று முன்னொட்டுகூட இல்லாமல் சொல்லிவிடலாம்.