யு-மதிப்பை மட்டும் காட்டி விற்கப்படும் அலுவலகக் கண்ணாடி: ஓர் எச்சரிக்கை

வெயில் அதிகமுள்ள ஊரில் அலுவலகம் கட்டுகிறீர்களா? முகப்புக்குக் கண்ணாடி போடுவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் கட்டடத்துக்கு முகப்பு வேலை செய்து கொடுத்தவர்கள் ‘லோ-இ பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி’ என்றுதான் சொன்னார்கள். லோ-இ என்பது சூட்டுக் கதிர்களைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு. அதில் பொய் இல்லை, போட்டதும் லோ-இ இரட்டைக் கண்ணாடிதான். ஆனால் அது குளிர்நாட்டு வீடுகளுக்கான வகை. வெயிலை உள்ளே விட்டு, அந்தச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பதற்காகவே செய்யப்பட்ட கண்ணாடி.

கட்டட நிர்வாகம் என் பொறுப்பு. மேற்குப் பக்கச் சுவர் ஒரு தளத்துக்கு 30 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் உயரம். அதில் 80 சதவீதம் கண்ணாடி. இவ்வளவு தேவையா என்று வரைபட நிலையிலேயே கேட்டோம். "பழைய காலக் கண்ணாடிக்குத்தான் அந்தப் பயம் சார், இது சூட்டை உள்ளே விடாது" என்று சொல்லி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். பெட்டிக்குள் சூடு தரும் விளக்கு, முன்னால் மாற்றி மாற்றிச் செருகக் கண்ணாடித் துண்டுகள். சாதாரணக் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைத்தால் சுட்டது, அவர்களுடைய கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இதமாக இருந்தது. அறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

அந்தப் பெட்டியில்தான் சூது. அந்த விளக்கு தருவதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதிலும் நீண்ட அலைகளின் பங்கு வெயிலில் இருப்பதைவிட மிக அதிகம். எந்த லோ-இ பூச்சும் அந்த நீண்ட அலைகளை நன்றாகவே திருப்பி அனுப்பும். வெயில் அப்படியல்ல. அதன் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வருகிறது, மீதியில் பெரும்பகுதி அதை ஒட்டிய குறுகிய அகச்சிவப்பு. குளிர்நாட்டு வகைப் பூச்சு இந்த இரண்டையும் தாராளமாக உள்ளே விடும். ஆக, விளக்குப் பெட்டியில் ஜெயிக்கும் கண்ணாடி வெயிலில் தோற்கலாம். விற்க வருகிறவர் அந்தப் பெட்டியைத் திறந்தால், "சரி, இதை வெளியே எடுத்துப் போய் வெயிலில் காட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

கண்ணாடியின் தகவல் தாளில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று யு-மதிப்பு. வெளியே 35 டிகிரி, உள்ளே 25 டிகிரி என்றால், அந்த வித்தியாசத்தால் கண்ணாடி வழியே எவ்வளவு சூடு கடத்தப்படும் என்பதை அது சொல்லும். இன்னொன்று எஸ்எச்ஜிசி. கண்ணாடி மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வந்து சேரும் என்பது இதில் தெரியும். 0.68 என்றால் 68 சதவீதம் உள்ளே. எங்களுக்குத் தந்த விலைப்பட்டியலிலும் ஒப்பந்தத்திலும் முதல் எண் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது: 1.8. இரண்டாவது எண்ணை எங்கள் ஏசி பொறியாளர் மின்னஞ்சலில் கேட்டபோது, 0.28 என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் அவர் எந்திரத்தின் அளவைக் கணக்குப் போட்டார்.

வந்து இறங்கியது 0.68.

இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று ஒரு தளத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மேற்குச் சுவர் 108 சதுர மீட்டர், அதில் கண்ணாடி சுமார் 86. தெளிந்த நாளில் பிற்பகல் நாலு மணி வாக்கில் மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள், இது மிகையான எண் அல்ல. 86-ஐ 600-ஆல் பெருக்கி 0.68-ஆல் பெருக்கினால் சுமார் 35 கிலோவாட். ஒரு டன் ஏசி 3.5 கிலோவாட் சூட்டை எடுக்கும். அதாவது வெயிலுக்கு மட்டுமே 10 டன். சொன்னபடி 0.28 கண்ணாடி வந்திருந்தால் 14 கிலோவாட்டுக்குச் சற்று மேல், 4 டன்னில் முடிந்திருக்கும்.

இப்போது அவர்கள் பெருமையாகக் காட்டிய யு-மதிப்புக்கு வருவோம். 10 டிகிரி வித்தியாசத்தில் 1.8 யு-மதிப்புள்ள கண்ணாடி 1.5 கிலோவாட் கடத்தும். சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு யு-மதிப்பு 5.7 அளவில் இருக்கும், அது 4.9 கிலோவாட் கடத்தும். இரட்டைக் கண்ணாடிக்குக் கூடுதலாகக் கொடுத்த பணத்தில் இந்தக் கணக்கில் மிச்சமானது ஒரு டன். சொல்லாமல் மறைத்த எண்ணில் போனது ஆறு டன்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். உள்ளே வரும் 35 கிலோவாட்டும் அந்த நிமிடமே ஏசியின் தலையில் விழாது. தரையும் மேசைகளும் அதை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக விடும். அதனால்தான் எங்கள் அலுவலகம் நாலு மணியைவிட ஆறு மணிக்கு மோசமாக இருந்தது. சூரியன் இறங்கிய பிறகும் ஏன் புழுங்குகிறது என்று கேட்டு, எல்லோரும் பாவம் அந்த ஏசிக்காரரைத்தான் திட்டினார்கள். சுவரில் உள்ள மானி 24 டிகிரி காட்டும், ஆனால் கண்ணாடியோரம் உட்கார்ந்தவருக்கு வேர்த்து ஊற்றும். மானி காற்றைத்தான் அளக்கிறது. அந்த மனிதர் மேல் நேர் வெயிலும், சூடேறிய கண்ணாடியின் கதிர்வீச்சும் விழுகின்றன. காற்றைக் குளிர்வித்தால் மட்டும் அது அடங்காது.

அப்புறம் திரைச்சீலை போட்டோம். உள்பக்கத் திரை கண்கூச்சத்தைத் தடுத்தது, சூட்டைப் பெரிதாகத் தடுக்கவில்லை. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையில் பட்டுவிட்டால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்தான் இருக்கும். இதில் இன்னொரு வேடிக்கை: ‘இயற்கை வெளிச்சம் வேண்டும்’ என்று சொல்லித்தான் 80 சதவீதம் கண்ணாடி வைத்தார்கள். இப்போது நாள் முழுக்கத் திரை மூடியிருக்கிறது, உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது.

குட்டு உடைந்தது, முகப்புப் பொறியாளராக இருக்கும் ஒரு நண்பர் வந்தபோது. இருட்டிய பிறகு ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் கண்ணாடிக்கு அருகே பிடித்தார். இரட்டைக் கண்ணாடியில் நாலு பரப்புகள், ஆகவே நாலு சுடர் தெரியும். வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணுவது வழக்கம். பூச்சு இருக்கும் பரப்பின் சுடர் மட்டும் நிறம் மாறித் தெரியும். வெயிலைத் தடுக்கும் வகையில் பூச்சு பொதுவாக இரண்டாம் பரப்பில், அதாவது வெளிக்கண்ணாடியின் உட்புறத்தில் இருக்க வேண்டும். உள்ளே நின்று பார்க்கும்போது அது மூன்றாவது சுடர். எங்களுடையதில் இரண்டாவது சுடர்தான் நிறம் மாறியிருந்தது. பூச்சு உள்கண்ணாடியில் இருக்கிறது என்று அர்த்தம். அது வாங்கும் சூடு அறைப்பக்கம் வந்துவிடும்.

தடுப்புக் கண்ணாடியையே திருப்பி மாட்டியிருந்தாலும் இப்படித்தான் தெரியும். அதனால் அவர் அதோடு விடவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே விளிம்பில் ஓடும் அலுமினியப் பட்டையில் அச்சாகியிருந்த குறியீட்டைப் படித்து, தயாரிப்பாளரின் தகவல் தாளோடு ஒப்பிட்டார். எஸ்எச்ஜிசி 0.68 என்று அதில் தெளிவாகவே இருந்தது. யு-மதிப்பு 1.8. இரண்டு வகைகளுக்கும் யு-மதிப்பு ஏறக்குறைய ஒன்றுதான், அந்த எண்ணைக் கொண்டு இவற்றைப் பிரித்தறியவே முடியாது.

முகப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டோம். "ஒப்பந்தத்துல 1.8 போட்டிருக்கு, 1.8 குடுத்திருக்கோம் சார். மெயில்ல சொன்னது வேற மாடலுக்கு" என்றார் அவர்களுடைய மேலாளர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பிறகு பெரிய மனது பண்ணி, உள்பக்கம் சன் ஃபிலிம் ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள்.

இலவசமாகக் கிடைத்தாலும் இதற்குச் சட்டென்று சரி சொல்லாதீர்கள். ஃபிலிம் வெயிலை உறிஞ்சும்போது அது ஒட்டியிருக்கும் உள்கண்ணாடி சூடேறும். சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்பு மட்டும் குளிர்ந்தே இருக்கும். கடினமாக்கப்படாத சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் அந்த இழுவை தாங்காமல் விரிசல் விடலாம். எங்களுக்குச் சோதனையாக ஒட்டிய பலகைகளில் ஒன்று விரிந்தது. யாரோ இடித்துவிட்டார்கள் என்றார்கள். இடித்த விரிசல் பட்ட இடத்திலிருந்து நட்சத்திரம் போலப் பிரியும். இது விளிம்பிலிருந்து நேர் செங்குத்தாகக் கிளம்பி, நடுவில் போய் வளைந்தது. வெப்பத்தால் வரும் விரிசலின் அடையாளம் அது. ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடியின் உத்தரவாதம் செல்லுமா என்று எழுத்தில் கேட்டோம், பதில் வரவில்லை.

கடைசியில் நண்பரின் யோசனைப்படி இரண்டு வேலைகள் செய்கிறோம். தரையிலிருந்து 90 செ.மீ. உயரம் வரை உள்ள கண்ணாடியை எடுத்துவிட்டு, காப்புப் பொருள் நிரப்பிய மூடிய பலகை வைக்கிறோம். மேசை மட்டத்துக்குக் கீழே இருக்கும் கண்ணாடி, மேசைக்கு அனேகமாக வெளிச்சமே தருவதில்லை, சூடு மட்டும் தருகிறது. அதிலேயே கண்ணாடிப் பங்கு 80-லிருந்து 55 சதவீதமாக இறங்குகிறது, வெயில் சூடு 35-லிருந்து 24 கிலோவாட்டாகிறது. மீதிக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் செங்குத்துத் தடுப்புப் பட்டைகள், சூரியன் வரும் கோணத்துக்குச் சாய்த்து வைத்தவை. மேற்கு வெயில் தாழ்வாக, நேருக்கு நேர் வருவதால் தலைக்கு மேல் நீட்டும் சன்ஷேடு அங்கே அதிகம் பயன்படாது. 0.28 கண்ணாடியும் 40 சதவீதப் பங்கும் தொடக்கத்திலேயே இருந்திருந்தால், ஒரு தளத்துக்கு 2 டன்னோடு போயிருக்கும் விஷயம் இது.

கீழ்ப்பலகைகளின் செலவில் ஒரு பங்கை ஏற்க அந்த நிறுவனம் இறங்கி வந்திருக்கிறது. வெளித் தடுப்புகள் எங்கள் செலவுதான், ஏனென்றால் ஒப்பந்தத்தில் எஸ்எச்ஜிசி என்ற வார்த்தையே கிடையாது. உங்கள் ஒப்பந்தத்தில் யு-மதிப்போடு எஸ்எச்ஜிசி, உள்ளே வரும் வெளிச்சத்தின் சதவீதம், பூச்சு இருக்க வேண்டிய பரப்பின் எண், தயாரிப்பாளரின் குறியீடு ஆகிய நான்கையும் எழுதச் சொல்லுங்கள். சரக்கு வந்ததும், ஒரு பலகையைக்கூடச் சட்டத்தில் மாட்டும் முன், பட்டைக் குறியீட்டைப் படியுங்கள். தீக்குச்சிக்குப் பதில் கைபேசி விளக்கு இருந்தாலும் சுடர் எண்ணலாம்.