கொடைச் சாப்பாடும் நெஞ்செரிச்சலும்: அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் இரவு

மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக வேலை பார்க்கும் நான், இந்த முறை ஊருக்கு வந்தது அம்மன் கோயில் கொடைக்காகத்தான். கொடையின் இரண்டாம் நாள் இரவு, ஊர்ச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில், 58 வயதான என் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து மார்புக்குழியைத் தடவிக்கொண்டிருந்தார். "வாயுதாம்மா, கறி கொஞ்சம் கூடிட்டு," என்றார். சித்தி ஓமத் தண்ணீர் கொடுத்தார். யாரோ சோடா வாங்கி வந்தார்கள். ஒரு பெரிய ஏப்பம் வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை, ஏனென்றால் அவருக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது.

நெஞ்செரிச்சல் எனக்கே பழக்கமான நோய்தான் என்பதால் அதன் நடத்தையை நன்றாக அறிவேன். வயிற்று அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும்போது, மார்பெலும்புக்குப் பின்னால் கீழிருந்து தொண்டையை நோக்கி எரிச்சல் ஊர்ந்து வரும். வாயில் புளித்த நீர் எட்டிப் பார்க்கும். குனிந்து கோலம் போட்டாலோ சாப்பிட்டவுடன் படுத்தாலோ கூடும். எழுந்து உட்கார்ந்தால் குறையும். அது மாடிப்படி ஏறுவதைப் பொருட்படுத்தாது. இதய வலி இதற்கு நேர்மாறாக உழைப்பைத்தான் கவனிக்கும். நடந்தால் இறுகும், நின்றால் தளரும். மாரடைப்பாகிவிட்டாலோ சும்மா இருந்தாலும் விடாது. பலர் அதை வலி என்றே சொல்வதில்லை. 'அமுக்குகிறது', 'கல்லைத் தூக்கி வைத்தமாதிரி இருக்கிறது' என்பார்கள். இடத்தைக் காட்டச் சொன்னால் ஒரு விரலால் தொடாமல் உள்ளங்கையையோ முட்டியையோ மார்பின் நடுவில் வைப்பார்கள். சித்தப்பாவும் உள்ளங்கையைத்தான் வைத்திருந்தார்.

இரண்டும் குழம்புவதற்குக் காரணம் உண்டு. இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. ஆகவே எது வலிக்கிறது என்று மூளையால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. இதயத்தின் அடிச்சுவர், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தச் சுவருக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால் வலி மேல்வயிற்றில் தெரிவதும், குமட்டலும் வாந்தியும் வருவதும் மிகச் சாதாரணம். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வலி மங்கலாகவோ, வெறும் மூச்சுத்திணறலாகவும் அசதியாகவுமோ வருவதுண்டு. அதனால் ஏப்பம் விட்டதும் அமிலத்துக்கான மருந்தைக் குடித்ததும் வலி குறைந்தது என்பதை வைத்து இது இதயமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. மாரடைப்பு வலியே கூடிக் குறைந்து வரக்கூடியது. அது குறையும் நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும்.

என் வற்புறுத்தலால் 11 மணிக்கு அருகிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். உடனே ஈசிஜி எடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் 'நார்மல்' என்று இயந்திரம் அச்சடித்த அந்த ஒரே தாளை நம்பி, அமிலத்துக்கு ஊசி போட்டு, பத்து நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடைப்பு தொடங்கிய முதல் மணி நேரத்தில் ஈசிஜி சரியாகவே தெரியலாம். வலி நீடித்தால் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான்: இதயத் தசை சேதமாகிச் சில மணி நேரம் கழித்தே அது தெளிவாக உயரும் என்பதால், ஒருமுறை எடுத்ததோடு விடாமல் இடைவெளி விட்டு மறுபடி எடுப்பார்கள். நான் இதைச் சொல்லிப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வந்தவள் பேசுகிறாள் என்பதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை.

வீட்டில் எட்டுப் படி ஏறி மச்சுக்குப் போகப் பார்த்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை நனையும் அளவுக்குக் குளிர்ந்த வியர்வை, வெளிறிய முகம், இடது தாடையில் ஒரு குடைச்சல். வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம், வாந்தி, கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மார்பு வலியோடு சேர்ந்தாலும், அல்லது இந்த அமுக்கம் ஓய்வில் 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், அதற்கு மேல் வீட்டில் வைத்தியம் பார்க்கக் கூடாது. 108-ஐ அழைத்தேன். வீட்டில் இருந்தவர்கள் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போகலாம் என்றார்கள். வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் பைக்கில் ஒன்றும் செய்ய முடியாது என்று மறுத்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் தன் சட்டைப்பையிலிருந்து நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை எடுத்து நீட்டினார். அதையும் வாங்கவில்லை. அடிச்சுவர் மாரடைப்பில் வலப்பக்க இதயமும் பாதிக்கப்பட்டிருந்தால், அந்த மாத்திரை இரத்த அழுத்தத்தைச் சட்டென்று சரித்துவிடும்.

அரசு மருத்துவமனையில் 12.20-க்கு எடுத்த ஈசிஜியில் அடிச்சுவரைக் காட்டும் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் என்ற பெயர்களுள்ள மூன்று பதிவுகளிலும் கோடு தெளிவாக மேலெழும்பியிருந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவர் மார்பின் வலப்பக்கத்திலும் ஒரு பதிவு எடுத்தார். அங்கும் பாதிப்பு தெரிந்தது, இரத்த அழுத்தம் 94/60. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளை உடனே கொடுத்தார்கள். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதே மூன்றுதான் மொத்தம் 14 மாத்திரைகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஈசிஜியைப் படமெடுத்து அனுப்பிக் கலந்துபேசி, இரத்தப்போக்கு, பக்கவாதம், அண்மையில் அறுவை என எதுவும் இல்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, 12.45-க்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் டெனெக்டிப்ளேஸ் ஊசியைப் போட்டார்கள். இந்த ஊசி 12 மணி நேரம் வரை பயன் தரும் என்றாலும், முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் தசை பெரிதும் பிழைக்கும். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தபோது மேலெழுந்த கோடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, அமுக்கமும் விட்டிருந்தது.

மறுநாள் பாளையங்கோட்டையில் ஆஞ்சியோ எடுத்து வலப்பக்க இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வார்டில் கட்டிலுக்கு இடம் நெருக்கம், கூட வருபவர்களுக்கு உட்கார நாற்காலி அரிது. ஆனால் வேலை தெரிந்தவர்கள் வேலை செய்தார்கள், செலவு என்று நாங்கள் கொடுத்தது ஆட்டோவுக்கும் காப்பிக்கும்தான். அங்கிருந்த இதய மருத்துவரிடம் தனியார் மருத்துவமனையில் எடுத்த அந்த 'நார்மல்' தாளைக் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏவிஎல் என்ற ஒரு பதிவை மட்டும் பேனாவால் சுட்டினார். கோடு அங்கே ஒரு சிறு கட்டத்துக்கும் குறைவாகத் தாழ்ந்திருந்தது. அடிச்சுவர் மாரடைப்பு சில வேளைகளில் முதலில் அங்கேதான் தலைகாட்டும், அதை இயந்திரம் சொல்லாது, அரை மணி நேரம் கழித்து இன்னொன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அந்தத் தாளைக் கோப்பிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.