ஓபன் இயர் ஹெட்போன்: பக்கத்து சீட்டுக்கு என்ன கேட்கிறது, எப்படிக் குறைப்பது

காதை அடைக்காத ஹெட்போன்களை ஆபீஸில் நீண்ட நாளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒன்று கன்னத்து எலும்பில் அதிரும் போன் கண்டக்ஷன் வகை, கழுத்துக்குப் பின்னால் பட்டையோடு வருவது. இன்னொன்று காதில் கொக்கி போல மாட்டி, காதுத் துளைக்கு முன்னால் குட்டி ஸ்பீக்கரை நிறுத்தும் வகை. நான் இருப்பது கிண்டியில் பல கம்பெனிகள் பங்கு போட்டுக்கொள்ளும் அலுவலகம். நீள மேஜை, கை நீட்டினால் தொடும் தூரத்தில் அடுத்தவர், எதிரே தாழ்வான தடுப்பு. யாராவது கூப்பிட்டால் காதில் விழ வேண்டும், வியர்வையில் காதுக்குள் அரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவற்றுக்கு மாறினேன். இரண்டு காரணங்களுக்கும் இவை இன்றுவரை குறை வைக்கவில்லை. சத்தம் வெளியே கசிவது ஒன்றுதான் நான் உட்கார்ந்து தீர்க்க வேண்டியிருந்த விஷயம்.

ஒரு நாள் நாமசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து சீட்டுப் பெண் சொன்னது: “அண்ணா, பாட்டு ஒண்ணும் கேக்கல. ஜால்ரா மட்டும் ஜிங் ஜிங்னு வருது.” கசிவைப் பற்றி இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், பாடுபவரின் கனமான குரல், தம்பூரா எல்லாம் எனக்கு நன்றாகக் கேட்கின்றன. அவருக்கு எதுவுமே இல்லை. அவருக்குப் போய்ச் சேர்ந்தது ஜால்ராவும் ‘ஸ்’, ‘ச்’ போன்ற எழுத்துகளின் கீற்றும்தான். சினிமாப் பாட்டு என்றால் டிரம்ஸின் ஹை-ஹாட். அதாவது பக்கத்தில் இருப்பவர் கேட்பது நம் பாட்டின் குறைந்த வால்யூம் பிரதி அல்ல; அதிலிருந்து உரித்தெடுத்த கூரான பகுதி மட்டும். மெலடி இருந்தாலாவது மனது பழகிக்கொள்ளும். வெறும் கீச்சு மட்டும் வந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

ஏன் இப்படி? கொக்கி வகை ஸ்பீக்கரின் தகடு முன்னால் தள்ளும்போது பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இந்தப் பின்பக்க ஒலி முன்பக்க ஒலிக்கு நேர் எதிரானது. நல்ல மாடல்களில் இரண்டுக்கும் தனித்தனித் துளை வைத்திருப்பார்கள். முன்துளை காதுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அது பலமாகக் கேட்கிறது. ஒரு மீட்டர் தள்ளி இருப்பவருக்கு இரண்டு துளைகளும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆகவே எதிரெதிர் ஒலிகள் அங்கே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கசிவைக் குறைக்கும் தொழில்நுட்பம் என்று பெட்டியில் பெருமையாகப் போடுவது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த அழிப்பு எல்லா ஒலிக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பதுதான் விஷயம். துளைகளுக்கு நடுவே 2 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 1.7 மீட்டர். அதற்கு முன் 2 சென்டிமீட்டர் ஒன்றுமே இல்லை, இரண்டும் கிட்டத்தட்ட முழுசாக அழிந்துவிடும். 4,000 ஹெர்ட்ஸுக்குப் போனால் அலைநீளம் 8.5 சென்டிமீட்டர்தான். இப்போது அதே 2 சென்டிமீட்டர் அலையின் கால் பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இரண்டு ஒலிகளும் ஒத்திசைவு தப்பிப்போய், அழிப்பு நடப்பதில்லை. 8,000 ஹெர்ட்ஸில் நிலைமை தலைகீழ்: சில திசைகளில் அழிப்பதற்குப் பதில் ஒன்றோடொன்று சேர்ந்து பலமாகிவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காமல் எதிர் சீட்டுக்காரருக்கு மட்டும் கேட்பதற்கு இந்தத் திசை வித்தியாசமும் ஒரு காரணம். இது போதாதென்று, மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில்தான்.

போன் கண்டக்ஷனில் கதை கொஞ்சம் வேறு. எலும்பு வழியாகப் போவதால் வெளியே ஒன்றும் கேட்காது என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு, அது சரியில்லை. கன்னத்தை அதிரவைக்கும் அதே பெட்டி காற்றையும் அதிரவைக்கிறது. முகத்திலிருந்து எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே லேசாகப் பிடித்துப் பாருங்கள், பழைய டிரான்சிஸ்டர் மாதிரி பாடும். போட்டிருக்கும்போதும் அதில் ஒரு பகுதி வெளியே போய்க்கொண்டுதான் இருக்கிறது, இங்கேயும் கூரான ஒலிகளே முன்னால் நிற்கின்றன. இப்போது இரண்டையும் கலந்த மாடல்களும் உண்டு. 2024-இல் வந்த ஷாக்ஸ் ஓபன்ரன் ப்ரோ 2 அப்படித்தான்: பேஸுக்குக் காற்று வழி ஸ்பீக்கர், மற்றதற்கு எலும்பு வழி. பேஸுக்காக வால்யூமை ஏற்றும் தேவை குறைகிறது என்ற அளவில் இது நல்ல ஏற்பாடு.

அடுத்தது அறையின் சத்தம். ஏசி ஓடும்போது வரும் ‘ம்ம்ம்’ பெரும்பாலும் கனமான ஒலி. கூடவே பேச்சும் கீபோர்டு சத்தமும் சேர்ந்து கசிவை ஓரளவு மூடிவிடும். அந்தச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக நாமும் ஒரு படி ஏற்றிவைத்திருப்போம். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், அல்லது கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் வரை உள்ள அந்தச் சில நொடிகளிலும் போர்வை விலகிவிடும். நம் வால்யூம் மாறவில்லை, ஆனால் அறை முழுக்க ஜால்ரா. புகார் வருவது எப்போதும் இந்த மாதிரி நேரத்தில்தான். ஆகவே காலையில் கூட்டத்தில் வைத்த வால்யூமை அறை அமைதியானதும் இறக்குவதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

கசிகிறதா இல்லையா என்று போனில் டெசிபல் ஆப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. நானும் பார்த்தேன், பாட்டு ஓடினாலும் நின்றாலும் அதே எண்தான். அதை நம்பக் கூடாது. ஆப் காட்டுவது எல்லா ஒலியும் சேர்ந்த கூட்டுத்தொகை, அதில் ஏசியின் பங்கே பெரிது. மெல்லிய ‘ட்ஸ் ட்ஸ்’ அந்த எண்ணை அசைக்காது, ஆனால் காது அதைத் தனியாகப் பிரித்து எடுத்துவிடும். வாய்ஸ் ரெக்கார்டரும் உதவாது. சத்தம் குறைந்தால் அது தானாகவே ஒலியைக் கூட்டிப் பதியும், இல்லாத கசிவும் பெரிதாகத் தெரியும். சரியான சோதனை ஒன்றுதான்: ஹெட்போனை நண்பர் காதில் மாட்டி, அவரை நம் சீட்டில் உட்காரவைத்து, நாம் பக்கத்து சீட்டிலும் எதிர் சீட்டிலும் உட்கார்ந்து கேட்பது. ஏசி ஓடும்போது ஒரு தடவை, ஓடாதபோது ஒரு தடவை. ஜால்ரா, கஞ்சிரா, ஹை-ஹாட் உள்ள பாட்டாக எடுங்கள். வெறும் வீணையை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

என் மேஜையில் அப்படிச் சோதித்ததில், 15 படி உள்ள போன் வால்யூமில் 6-ஆம் படியில் பக்கத்து சீட்டுக்குத் தெளிவாகக் கேட்டது. 4-இல் கேட்கவில்லை, ஆனால் 4-இல் எனக்குப் பாட்டு சலசலப்பில் முங்கிவிடுகிறது. இந்த இரண்டு படிக்கு நடுவே இருப்பதுதான் முழுப் பிரச்சினையும்.

முதலில் மாட்டும் விதத்தைத் திருத்தினேன். கொக்கி வகை நேரம் ஆக ஆக முன்னால் சரியும். ஸ்பீக்கருக்கும் காதுத் துளைக்கும் உள்ள தூரம் 1 சென்டிமீட்டரிலிருந்து 2 ஆனால் நமக்கு வரும் ஒலி சுமார் 6 டெசிபல் விழும். வெளியே போவது அப்படியேதான் இருக்கும். நாம் என்ன செய்வோம், ஏற்றுவோம். கண்ணாடி போடுபவர்கள் கொக்கியை முதலில் மாட்டி அதன் மேல் கண்ணாடிக் காம்பு வரும்படி வைத்துப் பாருங்கள், எனக்குச் சரிவது நின்றது. போன் கண்டக்ஷனில் பெட்டி, காதுத் துளையின் முன்னால் இருக்கும் சின்ன மடலுக்குச் சற்று முன்னே, முடி இடையில் சிக்காமல் கன்னத்தில் பதிய வேண்டும். விரலால் லேசாக அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால் அது சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம். இதைச் சரிசெய்ததிலேயே எனக்கு ஒரு படி மிச்சமானது.

அப்புறம் ஈக்வலைசர். போனிலோ ஹெட்போனின் ஆப்பிலோ 4 கிலோஹெர்ட்ஸ், 8 கிலோஹெர்ட்ஸ் என்று தனித்தனிக் கோடுகள் இருந்தால், 8-ஐ 6 டெசிபலும் 4-ஐ 3 டெசிபலும் இறக்குங்கள். வேறு எதையும் ஏற்ற வேண்டாம். அழிப்பு நடக்காத இடத்தை மட்டும் நாமே குறைக்கிறோம், அவ்வளவுதான். 5 கோடு மட்டும் இருக்கும் போன்களில் 3.6 கிலோஹெர்ட்ஸுக்கு அடுத்து நேராக 14-க்குத் தாவும். அங்கே 3.6-ஐ இறக்கினால்தான் பலன் தெரியும். முதல் நாள் பாட்டு மங்கலாகத் தோன்றும், பிறகு காது ஒப்புக்கொண்டுவிடும். இந்த மாற்றத்தோடு 5-ஆம் படியில் வைத்தால் ஏசி ஓடும்போது பக்கத்து சீட்டில் எதுவும் கேட்கவில்லை. பாட்காஸ்ட், ஆடியோ புத்தகம் கேட்பவர்கள் மட்டும் 4 கிலோஹெர்ட்ஸில் கை வைக்க வேண்டாம். ‘த’, ‘க’ போன்ற எழுத்துகளின் தெளிவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதை இறக்கினால் பேச்சு புரியாமல் மறுபடி வால்யூமைத்தான் ஏற்றுவீர்கள்.

4-க்கும் 5-க்கும் இடையில் ஒரு அளவு வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ளே `Disable absolute volume` என்பதை இயக்கி, ப்ளூடூத்தைத் துண்டித்து மறுபடி இணைத்துப் பாருங்கள். போன் வால்யூமும் ஹெட்போன் வால்யூமும் தனித்தனியாகிவிடும். சொந்தமாக வால்யூம் பட்டன் உள்ள ஹெட்போனுக்குத்தான் இது பொருந்தும். ஹெட்போனை நடுவில் நிறுத்திவிட்டுப் போனில் நுணுக்கமாக ஏற்றி இறக்கலாம். இயக்கிய பிறகு முதல் தடவை காதில் மாட்டாமலே வால்யூமைச் சரிபாருங்கள், சில ஹெட்போன்களில் திடீரென்று முழுச் சத்தத்தில் அலறும்.

போன் கண்டக்ஷன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி, காதில் ஃபோம் இயர்பிளக். வெளிச் சத்தம் குறையும், காதை அடைத்தாலே எலும்பு வழி வரும் பேஸ் பலமாகும். இரண்டும் சேர்ந்து வால்யூமைத் தாராளமாக இறக்கலாம். திறந்த காது என்ற வசதி அப்போது போய்விடும் என்பதால், மும்முரமாக வேலை இருக்கும் ஓரிரு மணி நேரத்துக்கு மட்டும் நான் இதைச் செய்கிறேன்.

இவ்வளவு செய்தாலும் இரண்டு இடங்களில் இவற்றை நான் எடுப்பதில்லை. ஒன்று, ஏசி நின்ற கான்ஃபரன்ஸ் அறை. மூன்று பக்கமும் கண்ணாடி, கூர் ஒலியைத் திருப்பி அனுப்பும். இரண்டு, கிளையண்ட் கால். பாட்டில் கசிவது கீச்சு, காலில் கசிவது சொற்கள். பேச்சைப் புரியவைக்கும் பகுதி 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது அழிப்பு தளரத் தொடங்கும் அதே இடம். போதாக்குறைக்கு எதிர்முனைக்காரர் குரல் சன்னமாக இருந்தால் நாம் ஏற்றத்தான் செய்வோம். சம்பளம், விலை, ஒப்பந்தம் என்று பேச்சு போகும் கால்களுக்கென்று சாதாரண ரப்பர் முனை இயர்போன் ஒன்று என் மேஜை டிராயரில் எப்போதும் இருக்கிறது.