0.15 வேண்டாம், 0.16 போடுங்கள்: எட்டு மி.மீ. லீட் ஸ்க்ரூவோடு நெடுநாள் அனுபவம்

3டி பிரிண்டரில் இசட் அச்சின் பித்தளை நட்டை மாற்றிய கையோடு நண்பர் ஒருவர் கேட்டார்: "லேயர் உயரம் 0.15 போட்டா என்னங்க? 0.16-தான் போடணும்னு ஏன் பிடிவாதம்? 0.01 மி.மீ.-ல என்ன வந்துடப் போகுது?"

நியாயமான கேள்வி. பதில் அந்த 0.01-இல் இல்லை, 0.15 என்ற எண்ணை மோட்டார் எப்படிப் பங்கு போடுகிறது என்பதில் இருக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் எண்டர் 3 வகை இயந்திரத்துக்கு: 0.4 நாசில், 1.8 டிகிரி ஸ்டெப்பர் மோட்டார், நேரடியாகப் பொருத்திய டி8 லீட் ஸ்க்ரூ. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 முழு ஸ்டெப் எடுக்கும். ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. ஏற்றும். ஆக ஒரு முழு ஸ்டெப்புக்கு 0.04 மி.மீ. இந்த 0.04-இன் மடங்குகளான 0.08, 0.12, 0.16, 0.20, 0.24, 0.28 ஆகியவைதான் இந்த இயந்திரத்துக்கு இயல்பான லேயர் உயரங்கள். ஸ்லைசரில் இந்த வகை இயந்திரங்களுக்கு 0.12, 0.16, 0.20, 0.28 என்று வருவதற்கும் இதுவே காரணம்.

உங்கள் இயந்திரத்துக்கும் இதே 0.04-தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். டி8 என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. 2 மி.மீ. ஏறும் ஸ்க்ரூவும் 8 மி.மீ. ஏறும் ஸ்க்ரூவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் பக்கத்துப் பக்கத்து மரைகளுக்கு இடையே 2 மி.மீ.தான். ஸ்க்ரூவின் நுனியைப் பாருங்கள். ஒரே மரை தொடங்கினால் 2 மி.மீ., நான்கு தொடங்கினால் 8 மி.மீ. சந்தேகம் இருந்தால் நட்டை ஒரு முழுச் சுற்று திருப்பி, எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துவிடலாம். மார்லினில் இன்னும் சுலபம்: `M503` கொடுங்கள், `M92` வரியில் Z-க்கு எதிரே `400.00` என்று இருக்கும். ஒரு முழு ஸ்டெப்பை டிரைவர் 16 மைக்ரோஸ்டெப்பாகப் பிரிக்கிறது என்றால் 16 ÷ 400 = 0.04. கிளிப்பரில் இப்படி இருக்கும்:

```
[stepper_z]
rotation_distance: 8
full_steps_per_rotation: 200
microsteps: 16
```

8-ஐ 200-ஆல் வகுத்தால் அதே 0.04. ஸ்க்ரூ 4 மி.மீ. ஏறுவதாக இருந்தாலோ, மோட்டார் 0.9 டிகிரியாக இருந்தாலோ 0.02 வரும். 2 மி.மீ. ஸ்க்ரூ என்றால் 0.01-தான், 0.15-உம் அதன் மடங்கே என்பதால் அவர்களுக்கு இந்தக் கவலையே தேவையில்லை.

இனி, மடங்காக இல்லாவிட்டால் என்ன ஆகும்? இயந்திரத்தை அணைத்துவிட்டு லீட் ஸ்க்ரூவை விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய படிகள் விரலில் தட்டுப்படும். ரோட்டரில் இருக்கும் காந்தம் ஒவ்வொரு முழு ஸ்டெப்பிலும் உட்காரப் பார்ப்பதுதான் அது. கரண்ட் ஓடும்போதும் அந்த இழுப்பு மறைந்துவிடுவதில்லை. ரோட்டரை இரண்டு ஸ்டெப்புக்கு நடுவே நிறுத்தச் சொன்னால், நிறுத்தச் சொன்ன இடத்துக்குச் சற்று முன்போ பின்போதான் அது நிற்கும். போதாக்குறைக்கு, 1/16 மைக்ரோஸ்டெப்பில் ஒரு மைக்ரோஸ்டெப் நகர்த்தக் கிடைக்கும் விசை, மோட்டாரின் முழுத் தாங்கு விசையில் பத்தில் ஒரு பங்குதான். நட்டு கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் முதல் மைக்ரோஸ்டெப்பில் ரோட்டர் அசையாது. இரண்டு மூன்று சேர்ந்த பிறகு ஒரேயடியாகத் தாவும்.

"என் போர்டில் டிஎம்சி டிரைவர், 256 மைக்ரோஸ்டெப், எனக்கு எதற்கு இந்தக் கணக்கு?" என்பவர்களுக்கும் இதே பதில்தான். 256 என்பது சத்தத்தைக் குறைக்கும், ஓட்டத்தை வழுவழுப்பாக்கும். ரோட்டர் நிற்கும் இடத்தின் துல்லியத்தை அது 256 பங்கு கூட்டிவிடாது.

0.15-ஐ வைத்துக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 0.15 ÷ 0.04 = 3.75 ஸ்டெப். முதல் லேயர் ஸ்டெப்பின் தொடக்கத்தில் நின்றது என்று வைத்துக்கொண்டால் அடுத்தது முக்கால் ஸ்டெப்பில், அதற்கடுத்தது அரையில், பிறகு காலில் நிற்கும். நான்காவது தாவலில் மறுபடி தொடக்கத்துக்கு வரும். கால் ஸ்டெப்பில் ரோட்டர் 0.005 மி.மீ. கூடுதலாகவும், முக்கால் ஸ்டெப்பில் அதே அளவு குறைவாகவும் நிற்கிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். லேயர்களின் நிஜ உயரம் 0.145, 0.155, 0.155, 0.145 என்று மாறி மாறி வரும். நாசிலோ எல்லாவற்றுக்கும் 0.15-க்கு உரிய பிளாஸ்டிக்கையே தள்ளுகிறது. 0.45 அகலக் கோடு 0.145 உயரத்தில் 0.465 ஆக விரியும், 0.155 உயரத்தில் 0.435 ஆகச் சுருங்கும். ஒரு கோட்டுக்கும் இன்னொன்றுக்கும் 0.03 மி.மீ. வித்தியாசம். சுவரின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் 0.6 மி.மீ.-க்கு ஒரு தடவை திரும்பி வரும் மெல்லிய வரியாக அது தெரியும். சாம்பல் நிற மேட் ஃபிலமென்டில் கண்ணுக்குப் படாது. கறுப்பு சில்க்கில் ஒளிய இடமே இல்லை.

0.16-இல் இதே பிழை இருந்தாலும் எல்லா லேயரிலும் அதே பிழைதான். எல்லாம் சேர்ந்து தள்ளிப்போகும். லேயர் உயரம் மாறாது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதல் லேயர் உயரம் மடங்காக இருக்க வேண்டுமா, பேபிஸ்டெப்பில் 0.01 இறக்கினால் கணக்குக் கெட்டுவிடுமா என்று கேட்கிறார்கள். கெடாது. ஸ்டெப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறோம் என்பது பொருட்டே இல்லை, ஒவ்வொரு லேயரும் அதே இடத்தில் நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

மடங்குகளுக்குள்ளும் 0.16 தனி. எதிர்பாராத சந்தோஷம் இதில்தான். மோட்டாரின் இரண்டு சுருள்களிலும் கரண்ட் ஒரு முழு வட்டம் சுற்றிவர நான்கு முழு ஸ்டெப் ஆகும்; நான்கு 0.04 என்றால் 0.16. இரண்டு சுருள்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பதில்லை, ஸ்டெப்புக்கு ஸ்டெப் சின்ன ஏற்றத்தாழ்வு இருக்கும். 0.20 ஐந்து ஸ்டெப் என்பதால் அந்த ஏற்றத்தாழ்வு நான்கு லேயருக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. 0.16-இல் ஒவ்வொரு லேயரும் அதே சுருளில், அதே கரண்டில் நிற்கிறது. பளபளப்பான ஃபிலமென்டில் உயரமான நேர்ச்சுவர் அடிக்க 0.16-ஐ மிஞ்சியது இல்லை. நேரமும் மிச்சம்: 40 மி.மீ. உயரத்துக்கு 0.15-இல் 267 லேயர், 0.16-இல் 250.

கோபம் வருவது இன்னொரு பழக்கத்தின் மீது. 20 மி.மீ. கன சதுரத்தை அச்சடித்து, உயரம் 19.9 வந்ததும் `M92 Z402` என்று திருத்திவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த 0.1 பெரும்பாலும் முதல் லேயர் நசுங்கியதால் குறைந்தது. 100 மி.மீ. உயரத்தில் இன்னொன்று அடித்துப் பாருங்கள், அங்கேயும் 0.1-தான் குறைந்தால் ஸ்க்ரூ மேல் பழி இல்லை. 402 போட்ட பிறகு 0.20 லேயருக்கு 80 மைக்ரோஸ்டெப்புக்குப் பதிலாக 80.4 ஆகிறது. ஒவ்வொரு லேயரும் 0.4 மைக்ரோஸ்டெப் நகர்ந்து நகர்ந்து, 40 லேயரில், அதாவது 8 மி.மீ.-இல், ஒரு முழு ஸ்டெப்பைக் கடக்கும். அடுத்தடுத்த லேயர்களில் வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் சுவரில் பெரிதாகத் தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உயரமான பொருள்கள் எல்லாம் அளவு தவறி வரும், 0.04 கணக்குக்கும் அர்த்தம் இல்லாமல் போகும். கெட்டிருக்காத ஒன்றை எதற்குத் திருத்த வேண்டும்?

உங்கள் சுவரில் தெரியும் வரி இதனால்தான் வந்ததா என்று கண்டுபிடிக்க ஒரே அச்சில் சோதனை செய்யலாம். 30 மி.மீ. சதுரக் குழாய், 60 மி.மீ. உயரம், இரண்டு சுவர், உள்ளே காலி. ஸ்லைசரில் உயரப் பகுதிக்கு ஏற்ற லேயர் அமைப்பைத் திறந்து கீழ் 20-க்கு 0.16, நடு 20-க்கு 0.15, மேல் 20-க்கு மறுபடி 0.16 கொடுங்கள். வேகம், வெப்பம் எதையும் மாற்ற வேண்டாம். நடுப்பகுதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால் காரணம் இதுதான். மூன்றும் ஒரே மாதிரி வரி போட்டிருந்தால் 0.04 கணக்கு உங்களைக் காப்பாற்றாது. வரி 8 மி.மீ.-க்கு ஒருமுறை வந்தால் ஸ்க்ரூ வளைந்திருக்கிறதா, கப்ளர் நேராகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்கே இல்லாமல் வந்தால் எக்ஸ்ட்ரூடரையும் வெப்பத்தையும் பாருங்கள்.

சில இடங்களில் இந்த விதியைத் தேடவே வேண்டாம். வேஸ் மோடில் இசட் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும், அங்கே ஸ்டெப்பில் நிற்பது என்ற பேச்சே இல்லை. பெட் மெஷ் போட்டிருந்தால் லேயருக்குள்ளேயே இசட் ஏறி இறங்கும். ஆனாலும் ஒரே இடத்தில் எல்லா லேயருக்கும் அதே திருத்தம்தான் என்பதால் கணக்கு தப்பிக்கிறது. `M420 Z10` மாதிரி திருத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும் முதல் 10 மி.மீ.-இல் மட்டும் கொஞ்சம் விலகும். அடாப்டிவ் லேயர் பயன்படுத்துவோர் குராவில் மாறும் படியின் அளவை 0.04 என்று வைத்துவிடுங்கள்.

நேர்மையாகச் சொன்னால், உயவு பூசிய, நேரான ஸ்க்ரூ உள்ள நல்ல இயந்திரத்தில் 0.15-க்கும் 0.16-க்கும் வித்தியாசம் காண டார்ச் வேண்டும். 0.28-க்கும் 0.30-க்கும் டார்ச் வைத்தும் கஷ்டம், ஏனென்றால் லேயர் தடிக்கத் தடிக்க அதே பிழை சின்ன பங்காகிவிடுகிறது. விதி பலிப்பது 0.08-இலிருந்து 0.16 வரைதான். அப்படியிருந்தும் 0.10, 0.15 இரண்டும் ஸ்லைசரில் இனி வேண்டவே வேண்டாம். ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கும் ஒழுங்கை எதற்காக விட வேண்டும்?

நண்பருக்குப் பதில்: 0.16 போடுங்க. ஆனால் அதற்கு முன்னால், புதுசா மாட்டின நட்டோட ரெண்டு ஸ்க்ரூவையும் இறுக்கி வச்சிருந்தா அரைச் சுற்று தளர்த்திவிடுங்க. எக்ஸ் கேன்ட்ரியை மேலே கொண்டுபோய், மோட்டாரை அணைச்சுட்டு, ஸ்க்ரூவைக் கையால கீழே வரைக்கும் திருப்புங்க. எந்த உயரத்திலயும் விரலுக்குக் கனம் கூடக் கூடாது. கூடினா நட்டு இன்னும் நேரா உட்காரலைன்னு அர்த்தம். அது சரியாகிற வரைக்கும் 0.16-உம் 0.15 மாதிரிதான் வரும்.