பீரியட்ஸ் தள்ளிப்போகிறதா? நான்கு மாத்திரைகள், நான்கு வேலைகள்

“மாத்திரை போட்டா வருது, நிறுத்துனா நின்னுபோகுது.” ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மருத்துவமனையின் மகளிர் ஓ.பி.யில் நீர்க்கட்டிப் பிரச்சினையோடு வருபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. எந்த மாத்திரை என்று கேட்டால் பலருக்குத் தெரியாது, அட்டையும் கையில் இருக்காது. பி.சி.ஓ.எஸ். எனப்படும் இந்த நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு வழக்கமாக எழுதப்படுபவை நான்கு வகை. நான்கிலுமே இரத்தப்போக்கு வரலாம். முட்டை வெளிவந்ததா என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஒழுங்கான சுழற்சியில் நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்ப, சினைப்பையில் சில முட்டைப்பைகள் வளரத் தொடங்குகின்றன. அவற்றில் ஒன்று முந்திக்கொண்டு 20 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் உயர்ந்த அளவில் இரண்டு நாள் நிலைத்து நின்றால், பிட்யூட்டரி எல்.ஹெச். ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டுகிறது. அது தொடங்கி ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை வெளிவருகிறது. காலியான முட்டைப்பை அதன்பின் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து, கருப்பையின் உள்படலத்தைக் கருவுக்குத் தயாராக்குகிறது. கரு தங்காவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் புரோஜெஸ்டிரோன் சரியும், படலம் உதிரும். அதுதான் மாதவிடாய்.

பி.சி.ஓ.எஸ்.ஸில் எல்.ஹெச். உச்சத்துக்கு ஏறி இறங்காமல், எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே ஓடிக்கொண்டிருக்கும். எஃப்.எஸ்.ஹெச். தேவையான அளவு ஏறாது. கூடுதல் எல்.ஹெச். சினைப்பையை ஆண் ஹார்மோன் சுரக்கத் தூண்டுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்து, அதுவும் அதே வேலையைச் செய்கிறது. போதாக்குறைக்கு, ஆண் ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் சுரப்பதையும் இன்சுலின் குறைத்துவிடுகிறது. முட்டைப்பைகள் 2 முதல் 9 மில்லிமீட்டரில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் தெரிபவை இந்தப் பாதி வளர்ந்த பைகளே, வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. முட்டை வெளிவராததால் புரோஜெஸ்டிரோன் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் இருப்பதால் படலம் தடித்துக்கொண்டே போய், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தாறுமாறாகக் கொட்டும்.

வியாசர்பாடியில் 26 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. 60, 70 நாளுக்கு ஒருமுறை வந்த பீரியட்ஸ் இப்போது 100 நாளாகியும் வரவில்லை. முகவாயில் முடி இருக்கிறது. எந்த மாத்திரைக்கும் முன்னால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். “எனக்குத்தான் நீர்க்கட்டி இருக்கே, எப்படித் தங்கும்?” என்று இதைத் தவிர்ப்பவர்கள் உண்டு. இவர்களுக்கு முட்டை அபூர்வமாக வருமே தவிர, வரவே வராது என்பதில்லை. தைராய்டு, புரோலாக்டின் இரண்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை கெட்டாலும் பீரியட்ஸ் தள்ளிப்போகும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம்.

முதல் வகை புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்றால் வழக்கமாக தினம் 10 மில்லிகிராம், 10 நாள். நிறுத்தியதும் உடம்பில் புரோஜெஸ்டிரோன் சரிவது போன்ற நிலை உண்டாகி, ஒரு வாரத்துக்குள் இரத்தப்போக்கு வரும். சினைப்பைக்குள் எதுவும் மாறுவதில்லை, முகத்து முடியும் குறையாது. ஆகவே நிறுத்தினால் நின்றுபோவதில் வியப்பில்லை. படலம் மாதக்கணக்கில் தடித்தே கிடந்தால் பிற்காலத்தில் அதன் செல்கள் கெட்டுப் புற்றுநோய் வரை போகலாம். அதைத் தடுப்பதுதான் இந்த மாத்திரையின் பயன், அதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டாலே போதும். 10 நாள் முடித்தும் சொட்டு இரத்தம்கூட வரவில்லை என்றால் இன்னொரு அட்டை வாங்கக் கூடாது. ஈஸ்ட்ரோஜனே குறைவாக இருக்கலாம், அல்லது பழைய காசநோயாலோ கருக்கலைப்பாலோ கருப்பைக்குள் தழும்பு இருக்கலாம்.

இரண்டாவது, 21 நாள் போட்டு 7 நாள் விடும் கருத்தடை மாத்திரை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு எழுதினால் அம்மாமார் முகம் சுளிப்பது இதற்குத்தான். குழந்தை இப்போது வேண்டாம், முடியும் முகப்பருவும்தான் தொல்லை என்பவருக்கு நான்கில் பொருத்தமானது இதுவே. எல்.ஹெச்.சை அடக்குவதால் சினைப்பை சுரக்கும் ஆண் ஹார்மோன் குறைகிறது. இதிலுள்ள ஈஸ்ட்ரோஜன், அந்த ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரலில் கூட்டுகிறது. முடி குறைய ஆறு மாதமாவது ஆகும், அதற்குள் பலர் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். 7 நாள் இடைவெளியில் வருவது மாத்திரை நின்றதால் வரும் போக்கு, முட்டை வெளிவந்ததால் வருவதல்ல. கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்தவர்கள், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், கண்முன் ஒளிக்கோடு தெரிந்து ஒற்றைத்தலைவலி வருபவர்கள் இதைப் போடக் கூடாது.

மூன்றாவது மெட்ஃபார்மின். “சர்க்கரை மாத்திரையை எனக்கு ஏன் கொடுக்கறீங்க?” என்ற கேள்வி தவறாமல் வரும். இது இன்சுலினைக் குறைத்து, அதன் வழியாக ஆண் ஹார்மோனையும் குறைக்கிறது. சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, 1500 முதல் 2000 வரை போவார்கள். முதல் நாளே முழு அளவு போட்டால் வயிற்றுப்போக்கில் போய் முடியும். முதல் இரண்டைப் போல நாள் குறித்து இரத்தம் வராது, சில மாதம் பொறுக்க வேண்டும். ஆனால் வந்தால் பெரும்பாலும் முட்டை வெளிவந்தே வரும், அப்போது கரு தங்கவும் வாய்ப்புண்டு. எடையில் 5 சதவீதம் குறைந்தாலும் இதே திசையில் பலன் கிடைக்கும். நம் வியாசர்பாடிப் பெண்ணுக்கு அது நாலு கிலோகூட இல்லை. காசிமேட்டு மீனைக் குறைக்க வேண்டியதில்லை, குழம்பு ஊற்றும் சோற்றைக் குறைத்து, மீனை வறுக்காமல் சாப்பிட்டாலே நல்ல தொடக்கம்.

நான்காவது லெட்ரோஸோல், குழந்தை வேண்டுபவர்களுக்கு மட்டும். 2014-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் முட்டையை வளர்க்கும் பழைய மாத்திரையான குளோமிஃபீனைவிட இதில் அதிகப் பெண்களுக்குக் குழந்தை பிறந்தது. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைச் சில நாள் தடுக்க, பிட்யூட்டரி அந்தக் குறையை உணர்ந்து எஃப்.எஸ்.ஹெச்.சைக் கூட்டுகிறது. நின்றுபோன பைகளில் ஒன்று வளர்கிறது. வழக்கமாக பீரியட்ஸின் மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள், தினம் 2.5 மில்லிகிராம். முட்டை வராவிட்டால் அடுத்த சுழற்சியில் 5, பிறகு 7.5. கர்ப்பமாக இருக்கும்போது போடக் கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் பரிசோதனை வேண்டும். கணவரின் விந்துப் பரிசோதனை பார்க்காமல் இதைத் தொடங்குவது மாதங்களை வீணாக்கும்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது குழந்தை வேண்டாம், கொதிப்பும் இல்லை என்றால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாம், சர்க்கரை ஏறியிருந்தால் மூன்றாவதையும் சேர்க்கலாம். குழந்தை வேண்டும் என்றால் முதலாவதைப் போட்டு இரத்தம் வரவைத்து, நான்காவதைத் தொடங்குவார்கள்.

முட்டை வந்ததா என்று பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. கடையில் விற்கும் எல்.ஹெச். பட்டை இவர்களுக்கு ஏமாற்றும், எல்.ஹெச். எப்போதும் கூடுதலாக இருப்பதால் கோடு பல நாள் விழும். இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வந்துவிட்டது என்று அர்த்தம். அதை எல்லோருக்கும் 21-ஆம் நாள் எடுப்பது 28 நாள் சுழற்சிக்கு மட்டுமே சரி. 42 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு 35-ஆம் நாளை ஒட்டி எடுக்க வேண்டும், அன்றும் குறைவாக இருந்தால் ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை.