நான்கு வருடம் வேரின்ட்டோடு: AC 82 80 80 00 என்ற ஐந்து பைட் எனக்குச் செய்தது

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "புதுசா ஒரு பைனரி புரோட்டோகால் எழுதுறேன், எண்களுக்கு வேரின்ட் போடலாமா?" "தாராளமா போடுங்க" என்று பதில் தட்டிவிட்டேன். அனுப்பும் முன் கை நின்றுவிட்டது. நான்கு வருடமாக நானே அதைத்தான் பயன்படுத்துகிறேன். அதில் ஒரு விஷயம் மட்டும் இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது. அதைச் சொல்லாமல் தாராளமாக என்று சொல்வது சரியில்லை என்று தோன்றியது. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

நான் சொல்வது LEB128 பாணி வேரின்ட். எண்ணை ஏழு ஏழு பிட்டாக வெட்டி, சிறிய மதிப்புள்ள துண்டை முதலில் வைத்து, "இன்னும் இருக்கிறது" என்பதற்கு, கடைசியைத் தவிர மற்ற ஒவ்வொரு பைட்டின் மேல் பிட்டையும் 1 ஆக்கும் முறை. 300 என்ற எண் AC 02 ஆகும். 300-இன் கீழ் ஏழு பிட் 2C, அதோடு மேல் பிட் சேர்ந்தால் AC. மீதி 2, அதன் மேல் பிட் 0, அங்கே முடிகிறது. எழுதுகிற பக்கம் இவ்வளவுதான்:

```c
size_t encode(uint64_t v, uint8_t *p) {
    size_t i = 0;
    while (v >= 0x80) {
        p[i++] = (uint8_t)v | 0x80;
        v >>= 7;
    }
    p[i++] = (uint8_t)v;
    return i;
}
```

இந்தச் சில வரிகள் மேல் எனக்கு இன்றும் பிரியம் உண்டு. எங்கள் கருவிகள் அனுப்பும் செய்திகளில் வரும் எண்கள் பெரும்பாலும் 128-க்குக் கீழே இருப்பவை: வகை எண், எத்தனை உருப்படி, முந்தைய அளவீட்டிலிருந்து எவ்வளவு மாறியது. எட்டு பைட் பிடித்திருக்க வேண்டியது ஒரே பைட்டில் போய்விடுகிறது. நாளைக்கு எண் பெரிதானாலும் வடிவத்தை மாற்ற வேண்டியதில்லை. குறை எண்களை மட்டும் அப்படியே போடக் கூடாது. -1-ஐ 64 பிட் குறியில்லா எண்ணாகக் கொடுத்தால் பத்து பைட் ஆகிவிடும். ஜிக்ஜாக் செய்து -1-ஐ 1 ஆகவும் 1-ஐ 2 ஆகவும் மாற்றி அனுப்பினால் தீர்ந்தது. அதில் எனக்கு ஒரு நாளும் தொல்லை வந்ததில்லை.

தொல்லை வந்தது வேறு இடத்தில். ஒரே எண்ணை இந்த முறையில் பல விதமாக எழுதலாம். 300-ஐ AC 02 என்று எழுதலாம். AC 82 00 என்றும் எழுதலாம். AC 82 80 80 00 என்றும் எழுதலாம். எல்லாவற்றையும் பிரித்தால் 300-தான். கடைசியில் சேர்க்கிற துண்டுகள் எல்லாம் பூஜ்யம் என்பதால் மதிப்பு மாறுவதில்லை.

எங்கள் செய்தியின் முதலில் நீளம், அப்புறம் உடல், கடைசியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கையொப்பம். நேரடியாக வரும் செய்திகள் சரியாக இருந்தன. நடுவில் இருக்கும் ரிலே வழியாக வருகிறவற்றில், புதிய ஃபர்ம்வேர் போட்ட கருவிகளின் செய்திகள் மட்டும் "கையொப்பம் தவறு" என்று விழுந்தன. கையொப்பம் தவறு என்றால் யாரும் முதலில் சாவியைத்தான் சந்தேகிப்பார்கள். நானும் இரண்டு நாள் சாவிகளைத் துருவினேன். பிறகுதான் ரிலேவுக்கு உள்ளே போகிற பைட்டுகளையும் வெளியே வருகிறவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளே போனது AC 82 என்று தொடங்கியது. வெளியே வந்தது AC 02.

82-க்கும் 02-க்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். முதல் பார்வைக்கு நினைவகத்தில் ஒரு பிட் புரண்டுவிட்டது போல் தெரிந்தது, அந்த எண்ணத்திலேயே ஒரு மாலை போனது. அடுத்த மூன்று பைட்டுகளையும் கவனித்தபோதுதான் புரிந்தது. உள்ளே போனது AC 82 80 80 00. உடல் சரியாக 300 பைட். செய்தி மொத்தத்தில் வெளியே வந்தது மூன்று பைட் குறைவு. எதுவும் கெடவில்லை, இரண்டு பக்கமும் 300 என்றுதான் சொல்லியிருந்தன.

காரணம் இதுதான். கருவியில் நினைவகம் குறைவு. உடல் எவ்வளவு நீளம் வரும் என்பது அதை எழுதி முடித்தால்தான் தெரியும், ஆனால் நீளம் முன்னால் நிற்க வேண்டும். நீளத்தின் நீளமே மதிப்பைப் பொறுத்து மாறுவதால் எவ்வளவு இடம் விடுவது என்றும் தெரியாது. புதிய ஃபர்ம்வேர் எழுதியவர் 32 பிட் எண்ணுக்கு அதிகபட்சம் தேவைப்படும் ஐந்து பைட்டை ஒதுக்கி வைத்து, உடலை எழுதி, திரும்பி வந்து அந்த ஐந்தையும் நிரப்பினார். அதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். வெப்அசெம்ப்ளியின் ஆப்ஜெக்ட் கோப்புகளில் லிங்கர் பிற்பாடு திருத்தவேண்டிய எண்களை இதே போல ஐந்து பைட்டாக நீட்டித்தான் எழுதுகிறார்கள். அந்தத் தர ஆவணமும் அந்த வரம்பு வரை நீட்டலை அனுமதிக்கிறது. எங்கள் ரிலேவோ செய்தியைப் பிரித்து, தன் வேலையை முடித்து, எண்களைத் திரும்ப எழுதி அனுப்பியது. அதன் என்கோடர் சிக்கனமானது, AC 02 என்றே எழுதியது. கையொப்பம் பைட்டுகளுக்குப் போடப்பட்டது, எண்ணுக்கு அல்ல.

இரண்டு இடத்தில் சரிசெய்தோம். ரிலே இப்போது வந்த பைட்டுகளை அப்படியே வைத்திருந்து அப்படியே தள்ளுகிறது, திரும்ப எழுதுவதில்லை. உண்மையான மருந்து இதுதான், முதல் நாளிலிருந்தே இப்படி இருந்திருக்க வேண்டும். கருவியிலும் ஐந்து பைட் இடைவெளியை அப்படியே விட்டோம். உடலை எழுதி முடித்ததும் நீளத்தை உடலோடு ஒட்டி வலப்பக்கம் சாய்த்து எழுதுகிறோம். AC 02 என்றால் இடைவெளியின் கடைசி இரண்டு பைட்டில் உட்காரும், முதல் மூன்றும் காலி, அனுப்புவது நான்காவது பைட்டிலிருந்து. ஒரு நகலும் எடுக்க வேண்டியதில்லை. வெளி நீளத்துக்கு மட்டும்தான் இந்த வழி. உள்ளுக்குள் நீளம், அதற்குள் இன்னொரு நீளம் என்று போனால் நடுவே ஓட்டை விழும். அப்போது முதலிலேயே அளவைக் கணக்கிட ஒரு சுற்று ஓட வேண்டும், அல்லது பஃபரின் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி எழுத வேண்டும்.

வாசிக்கிற பக்கம் இப்போது இப்படி இருக்கிறது:

```c
int decode(const uint8_t *p, size_t n, uint64_t *out) {
    uint64_t v = 0;
    for (size_t i = 0; i < n && i < 10; i++) {
        uint8_t b = p[i];
        if (i == 9 && b > 1) return -2;
        v |= (uint64_t)(b & 0x7F) << (7 * i);
        if (!(b & 0x80)) {
            if (i > 0 && b == 0) return -3;
            *out = v;
            return (int)i + 1;
        }
    }
    return -1;
}
```

நீட்டி எழுதியதைக் கண்டுபிடிக்க `-3` வரி ஒன்றே போதும்: முதல் பைட்டைத் தவிர வேறு எந்தக் கடைசி பைட்டும் 00 ஆக இருக்கக் கூடாது. 00 என்று தனியாக வந்தால் அது பூஜ்யம், சரி. 80 00 என்று வந்தால் அதுவும் பூஜ்யம்தான், ஆனால் விரட்டிவிடுகிறோம். புதிய பதிப்பு எண் போட்ட செய்திகளுக்கு மட்டும் இந்தச் சோதனை உண்டு. இந்தத் திருத்தம் போய்ச் சேராத கருவிகள் இன்னும் ஐந்து பைட்டாக அனுப்புகின்றன, அவற்றைத் தெருவில் விட முடியாது.

`-2` வரியை முதலில் எழுதாமல் விட்டிருந்தோம். ஒன்பது பைட்டில் 63 பிட் போய்விடும், பத்தாவதில் இடம் இருப்பது ஒரே பிட்டுக்கு. 02 வந்தால் அந்த பிட் சத்தமில்லாமல் மேலே வழிந்து தொலைந்துவிடும், தவறான எண் சரியான எண் போல் வரும். `-1`-ஐ மற்ற இரண்டோடு கலக்கவே கூடாது. அது "இன்னும் பைட் வரவில்லை, காத்திரு" என்று பொருள். மற்றவை "இணைப்பை மூடு". இரண்டையும் ஒன்றாக்கினால், ஒரு எண் இரண்டு பாக்கெட்டில் பிரிந்து வரும் ஒவ்வொரு முறையும் நல்ல இணைப்பு அறுபடும். ஒரே இயந்திரத்தில் சோதித்தால் எண் பாதியில் வெட்டுப்படுவது அரிது என்பதால் அந்தப் பிழை வெளியே தெரியாது. ஒவ்வொரு பைட்டாகக் கொடுத்துச் சோதிப்பவருக்குத்தான் பிடிபடும்.

ஜாவாஸ்கிரிப்டில் டீகோடர் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே `1 << 35` என்பது 8. தள்ளும் அளவை 32-ஆல் வகுத்த மீதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆறாவது பைட் முதல் பைட்டின் மேல் போய் உட்காரும். `BigInt` பயன்படுத்துங்கள்.

இவ்வளவுக்கும் வேரின்ட்டின் மேல் கோபப்படுவது நியாயமா என்று யோசித்திருக்கிறேன். ஒரே எண்ணுக்குப் பல வடிவம் என்பது எல்லா வேரின்ட்டுக்கும் எழுதிவைத்த விதி இல்லை. கிட் தன் பேக் கோப்பில் முந்தைய ஆப்ஜெக்ட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எழுதும்போது, தொடர்ச்சி பிட் வரும் ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டிக்கொள்கிறது. அங்கே 80 00 என்றால் பூஜ்யம் அல்ல, 128. ஒரு பைட் 127 வரை, இரண்டு பைட் 128-இலிருந்து 16511 வரை. ஒரு எண்ணுக்கு ஒரே ஒரு வடிவம், தனிச் சோதனையே தேவையில்லை. ஒரு கூட்டல்தான் செலவு. அதைப் பார்க்கும்போதெல்லாம் இது எல்லோருக்கும் ஏன் கிடைக்கவில்லை என்று வயிற்றெரிச்சலாக இருக்கும். 2021-இல் வந்த குவிக் தரமோ வேறு முறை: முதல் இரண்டு பிட்டிலேயே 1, 2, 4, 8 என நீளத்தைச் சொல்லிவிடுகிறது, பைட் பைட்டாக நடக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் 37-ஐ 25 என்றும் 40 25 என்றும் எழுதலாம். ஃபிரேம் வகை எண்ணை மட்டும் மிகச் சிறிய வடிவில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் வைத்திருக்கிறார்கள்.

நண்பருக்கு எழுதியது இதுதான்: எண்ணிக்கைக்கும் வித்தியாசங்களுக்கும் வேரின்ட் போடுங்கள், `-3` வரியை முதல் பதிப்பிலேயே வையுங்கள், பிற்பாடு சேர்ப்பது பெரும்பாடு. செய்தி நீளத்துக்கு மட்டும் நிலையான நான்கு பைட் போடுங்கள். 300 பைட் செய்தியில் இரண்டு பைட் கூடுகிறது, கூடட்டும். இதைச் சொல்வது கணக்கா கோபமா என்று அவர் கேட்டார். கோபம்தான், அந்த இரண்டு நாளுக்கு. ஆனாலும் மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.