நிஃப்டி ஏறியது, என் 15,000 ரூபாய் கரைந்தது: கால் ஆப்ஷன் பரிந்துரைகளை நம்புவோருக்கு ஓர் எச்சரிக்கை

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டெலிகிராம் குழுவுக்கு மூன்று மாதச் சந்தாவாக 12,000 ரூபாய் கட்டினேன். சந்தை ஏறும் என்று அந்தக் குழுவினர் சொன்னார்கள், ஏறியது. அப்படியும் அவர்கள் பேச்சைக் கேட்டு ஆப்ஷனில் போட்ட 15,000 ரூபாய் ஆறே நாட்களில் முழுவதும் போனது. எப்படிப் போனது என்று விளங்க எனக்குச் சில வாரங்கள் பிடித்தன. இதே வலையில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பரிந்துரை வந்தது. அப்போது நிஃப்டி 23,500. அடுத்த வியாழக்கிழமை காலாவதியாகும் 23,700 கால் ஆப்ஷனை 100 ரூபாய்க்கு வாங்கச் சொன்னார்கள். இலக்கு 160 ரூபாய். ஆப்ஷனை லாட் என்ற தொகுப்பாகத்தான் வாங்க முடியும்; அன்று ஒரு லாட் என்பது 75. இரண்டு லாட், அதாவது 150 எண்ணிக்கை வாங்கினேன். 15,000 ரூபாய் ஆனது. விலை இறங்கினால் எங்கே விற்று வெளியேறுவது என்று குழுவை நடத்தியவரிடம் கேட்டேன். "சார், நீங்கள் வாங்குபவர். கட்டிய பிரீமியத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூட நஷ்டம் வராது. காலாவதி வரை தைரியமாக வைத்திருங்கள்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. என் நஷ்டத்துக்கு எல்லை உண்டு என்பது சரிதான். ஆனால் அந்த எல்லை வரை போவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

நான் வாங்கியது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 23,700 கால் ஆப்ஷன் என்பது, வியாழக்கிழமை முடிவில் நிஃப்டி 23,700க்கு மேல் எத்தனை புள்ளி நிற்கிறதோ அத்தனை ரூபாயைப் பெறும் உரிமை. 23,850இல் முடிந்தால் 150 ரூபாய் கிடைக்கும். 23,700இலோ அதற்குக் கீழேயோ முடிந்தால் ஒன்றும் கிடைக்காது. புட் ஆப்ஷன் இதற்கு நேர் எதிர். என் 23,700 போல முன்பே குறித்த ஸ்ட்ரைக் விலைக்குக் கீழே நிஃப்டி எத்தனை புள்ளி விழுகிறதோ அத்தனை ரூபாய். இரண்டிலும் இந்த உரிமைக்காக முன்பணமாகக் கட்டுவதுதான் பிரீமியம். நான் 100 ரூபாய் கட்டியதால், போட்ட பணம் திரும்ப வருவதற்கே நிஃப்டி 23,800இல் முடிய வேண்டும். அதாவது ஆறு நாட்களில் 300 புள்ளி ஏற வேண்டும். இந்தக் கணக்கைப் பரிந்துரையில் எங்கும் எழுதவில்லை. அதில் இருந்தது "நிஃப்டி ஏறும்" என்ற ஒரே வரிதான்.

இனி அந்த வாரத்துக்கு வருகிறேன். திங்களன்று நிஃப்டி 40 புள்ளி ஏறி 23,540இல் முடிந்தது. மகிழ்ச்சியோடு கணக்கைத் திறந்தேன்; ஆப்ஷன் விலை 62 ரூபாய். செயலியில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். செவ்வாயன்று 23,590, ஆப்ஷன் 50. புதனன்று 23,640, ஆப்ஷன் 46. மூன்று நாளும் சந்தை நான் விரும்பிய திசையில்தான் போனது. மூன்று நாளும் என் பணம் குறைந்துகொண்டே வந்தது. "இன்னும் ஒரே நாள் சார், நாளை பெரிய ஏற்றம் வரும்" என்று குழுவில் எழுதினார்கள். வியாழக்கிழமை நிஃப்டி மேலும் 40 புள்ளி ஏறி 23,680இல் முடிந்தது. 23,700க்கு 20 புள்ளி குறைவு. என் ஆப்ஷனின் மதிப்பு பூஜ்யம்.

ஏறிய சந்தையில் இது எப்படி நடந்தது என்பதற்கு விடை அந்த 100 ரூபாய்க்குள்ளேயே இருக்கிறது. வாங்கிய நேரத்தில் நிஃப்டி 23,500. அந்த நொடியே காலாவதியானால் என் ஆப்ஷனுக்கு ஒரு பைசாவும் கிடைக்காது. அப்படியானால் நான் கொடுத்த 100 ரூபாயும் எதற்கான விலை? மீதமிருந்த ஆறு நாட்களுக்குள் நிஃப்டி பெரிதாக ஏறிவிடலாம் என்ற வாய்ப்புக்கான விலை. நாட்கள் குறையக் குறைய அந்த வாய்ப்பும் குறைகிறது. அதன் விலையும் கூடவே இறங்குகிறது. இதைத்தான் காலத் தேய்மானம் என்கிறார்கள். சனி, ஞாயிறு விடுமுறையிலும் நாட்காட்டி நகர்கிறது என்பதை மறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை வாங்கி வைத்துவிட்டுத் திங்கள் வரை காத்திருந்தவனுக்கு, வணிகமே நடக்காத இரண்டு நாட்களும் கணக்கில் கழிந்துவிடும்.

இந்தத் தேய்மானம் சீராக நடப்பதும் இல்லை. நிஃப்டி இருக்கும் அளவிலேயே ஸ்ட்ரைக் விலை அமைந்த ஓர் ஆப்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை அசையாமல் நின்றால், அதன் விலை ஏறத்தாழ மீதமுள்ள நாட்களின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறையும். 16 நாள் மிச்சம் இருக்கும்போது 400 ரூபாய் என்றால், 4 நாள் இருக்கும்போது 200, ஒரு நாள் இருக்கும்போது 100. முதல் 12 நாளில் 200 ரூபாய் போகிறது. அடுத்த 3 நாளில் 100 போகிறது. மிச்சமிருக்கும் 100 ரூபாயும் கடைசி ஒரே நாளில் போய்விடுகிறது. வாராந்தர ஆப்ஷன் என்பது இந்தச் சரிவின் மிகச் செங்குத்தான பகுதியை மட்டும் வெட்டி எடுத்து விற்பது போன்றது. விலை மலிவாகத் தெரிவதால்தான் என்னைப் போன்ற சிறு முதலீட்டாளர்கள் அதை நாடுகிறோம்.

வாங்குவதற்கு முன்பே இதை நான் பார்த்திருக்க முடியும் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். பெரும்பாலான தரகு நிறுவனங்களின் செயலிகளில் ஆப்ஷன் விலைப்பட்டியலோடு டெல்டா, தீட்டா என்று இரண்டு எண்கள் கிடைக்கும். நான் வாங்கிய அன்று டெல்டா 0.34, நிஃப்டி ஒரு புள்ளி ஏறினால் ஆப்ஷன் 34 பைசா ஏறும் என்று பொருள். தீட்டா −14, ஒரு நாள் கழிந்தால் ஏறத்தாழ 14 ரூபாய் குறையும் என்று பொருள். 14ஐ 0.34ஆல் வகுத்தால் 41 வருகிறது. ஆக, என் ஆப்ஷன் 100 ரூபாயிலேயே நிற்பதற்கு மட்டும் நிஃப்டி ஒவ்வொரு நாளும், விடுமுறை நாள் உட்பட, சுமார் 40 புள்ளி ஏறியிருக்க வேண்டும். ஆறு நாளில் அது ஏறியது 180 புள்ளி, நாளொன்றுக்கு 30. இந்த இரண்டு எண்களும் நாள்தோறும் மாறுபவை என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் ஒரு நிமிடம் செலவிட்டு இந்த வகுத்தலைப் போட்டிருந்தால் அன்று நான் வாங்கியிருக்க மாட்டேன்.

வாங்குபவர் எப்போதும் தோற்பார் என்று சொல்ல வரவில்லை. 2024 ஜூன் 4 அன்று, மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்த நாளில், நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ 6 விழுக்காடு விழுந்தது. முதல் நாள் மலிவாகப் புட் வாங்கி வைத்திருந்தவர்கள் பெரும் லாபம் பார்த்திருப்பார்கள். தன்னிடம் உள்ள பங்குகளுக்குக் காப்பீடு போலப் புட் வாங்குபவரும் உண்டு. அந்தப் பிரீமியம் வீணானாலும் அது அவர் தெரிந்தே செய்த செலவு. ஆனால் வாரம் தவறாமல் கால் அல்லது புட் வாங்கிக்கொண்டே இருப்பவர் திசையைச் சரியாகக் கணித்தால் மட்டும் போதாது. போதுமான அளவுக்கு, போதுமான வேகத்தில், காலாவதிக்கு முன்பே அந்த நகர்வு வர வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கூடுவது அரிது. இழக்கும் பிரீமியம் ஆப்ஷனை விற்றவருக்குப் போகிறது. அவருக்கு நாட்கள் நகர்வதே வருமானம். இதைப் படித்துவிட்டு உடனே விற்கும் பக்கம் தாவிவிடாதீர்கள். அங்கே ஒரு லாட்டுக்கே லட்ச ரூபாய்க்கு மேல் ஈட்டுத்தொகை வேண்டும். ஜூன் 4 போன்ற ஒரு நாள், பெற்ற பிரீமியத்தைப் பல மடங்கு தாண்டி நஷ்டத்தைக் கொண்டுவரலாம்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்தார்கள். சராசரி நஷ்டம், வணிகச் செலவுகள் உட்பட, ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். இதில் வாங்கியவர், விற்றவர் இருவருமே அடக்கம்.

காலத் தேய்மானம் சந்தையின் இயல்பு. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் குழு செய்தது வேறு. வியாழன் மாலை, "நிஃப்டி ஏறும் என்றோம், தொடர்ந்து நான்கு நாள் ஏறியது" என்று வாழ்த்துப் படத்தோடு பதிவு போட்டார்கள். என் நஷ்டத்தைச் சொன்னபோது, வெள்ளிக்கிழமையே நான் விற்றிருக்க வேண்டும் என்றார் அதே மனிதர். பரிந்துரை வந்த சில நிமிடங்களில், உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கிய வேகத்தில், விலை 118 வரை போய்த் திரும்பியிருந்தது. அந்த உச்சத்தைத்தான் அவர்கள் தங்கள் கணக்கில் விற்ற விலையாக எழுதிக்கொள்கிறார்கள். காலாவதி வரை வைத்திருக்கச் சொன்ன செய்தியைத் தேடினேன், அழித்திருந்தார்கள்.

அதன்பிறகுதான் அவர்களுடைய செபி பதிவு எண்ணைக் கேட்டேன். INH என்று தொடங்கும் ஓர் எண்ணை அனுப்பினார்கள். செபி இணையதளத்தில் உள்ள ஆய்வாளர் பட்டியலில் அந்த எண்ணைத் தேடியபோது, முற்றிலும் வேறொருவரின் பெயர் வந்தது. சேரும்போதே அவர்கள் அனுப்பிய இணைப்பு வழியாகத்தான் வணிகக் கணக்கைத் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தியதன் காரணமும் பிறகு தெரிந்தது. நான் செய்யும் ஒவ்வொரு வணிகத்தின் தரகிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. நான் வென்றாலும் தோற்றாலும் அவர்களுக்கு வருமானம். அடிக்கடி வாங்கினால் கூடுதல் வருமானம்.

யாராவது உங்களுக்கு ஆப்ஷன் வாங்கப் பரிந்துரை அனுப்பினால், பதிவு எண்ணைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். அதைச் செபி பட்டியலில் நீங்களே தேடிப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். கால் என்றால் ஸ்ட்ரைக் விலையோடு பிரீமியத்தைக் கூட்டி, புட் என்றால் கழித்து, அந்த அளவை எத்தனை நாளில் சந்தை எட்ட வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். உறுப்பினர் எந்த விலையில் விற்றதாகக் கணக்கில் காட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். நான் இந்தக் கேள்வியைக் குழுவிலேயே எழுதினேன். அரை மணி நேரத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். சந்தாவில் மிச்சமிருந்த இரண்டு மாதங்களுக்கான பணமும் திரும்பவில்லை. இன்னும் உள்ளே இருக்கும் நண்பர் ஒருவர் அவர்களின் சாதனைப் பட்டியலை எனக்கு அனுப்பினார். அந்த வாரத்துக்கு நேராக, "23,700 கால், 18 ரூபாய் லாபம்" என்று எழுதியிருக்கிறது.